அலாஸ்காக் கரையில் யூரியா

1989-ஆம் ஆண்டு கோடையில் அலாஸ்காவின் நைட் தீவுக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்தவர்கள், ஸ்னக் ஹார்பர் என்ற சிறு குடாவின் கரையில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். கரை முழுவதும் எண்ணெய் படிந்து கறுத்துக் கிடந்தது. அதன் நடுவே, அளந்து கோடு போட்டதுபோல ஒரு வெளுத்த செவ்வகம். அந்தச் செவ்வகத்துக்குள் மட்டும் கற்கள் தங்கள் சொந்த நிறத்துக்குத் திரும்பியிருந்தன.

அங்கே யாரும் கல்லைக் கழுவவில்லை. பாக்டீரியாவைக் கொண்டுவந்து கொட்டவுமில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் அந்தத் துண்டுக் கரையில் தெளித்தது உரம். அதன் முக்கியமான சரக்கு, நம் நெல்வயல்களில் விதைக்கும் அதே யூரியா.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்றதும், ஆய்வகத்தில் வளர்த்துப் பொட்டலம் கட்டிய ஏதோ ஒரு விசேஷப் பூச்சி நம் மனத்தில் வருகிறது. கடலில் எண்ணெய் கொட்டினால் அதைத் தூவிவிட வேண்டியதுதான், வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மை நேர் எதிரானது. தின்பவர்கள் கடலில் ஏற்கெனவே இருக்கிறார்கள். எண்ணெய் வந்ததும் தாமாகவே பெருகிவிடுகிறார்கள். அவர்கள் வேகமாகத் தின்ன முடியாமல் போவதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணங்களைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களுக்குத்தான் இந்த முறை பலித்திருக்கிறது.

1989 மார்ச் 24, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். எக்சான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற வளைகுடாவில், பிளை என்ற பாறைத் திட்டின்மேல் ஏறியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. முதல் மூன்று நாள் கடல் அமைதியாக இருந்தது. பிறகு வந்த புயல்காற்று எண்ணெயைக் கடல்நீரோடு கடைந்து, கரைகளை நோக்கித் தள்ளியது. வரும் வாரங்களில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கரையோரத்தில் அங்கங்கே எண்ணெய் ஒதுங்கியது. கடற்பறவைகள் லட்சக்கணக்கிலும் கடல் நீர்நாய்கள் ஆயிரக்கணக்கிலும் மடிந்தன.

எக்சான் நிறுவனம் ஆயிரக்கணக்கான ஆட்களை இறக்கியது. வெந்நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கற்களைக் கழுவினார்கள். எண்ணெயோடு சேர்த்து, பாறையில் ஒட்டி வாழ்ந்த நத்தை, சிப்பி, பாசி எல்லாவற்றையும் அந்த வெந்நீர் அவித்தது. மணலிலும் கூழாங்கல்லிலும் ஒரு பகுதி எண்ணெயை இன்னும் ஆழத்துக்குள் தள்ளியும் விட்டது. இதைவிட மென்மையான வழி உண்டா என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விஞ்ஞானிகளும் எக்சானின் விஞ்ஞானிகளும் தேடியபோதுதான், கரையிலேயே இருக்கும் பாக்டீரியாவைப் பயன்படுத்தலாமா என்ற யோசனை களத்துக்கு வந்தது.

முதலில் கரையின் கற்களிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் எண்ணெய் படாத கரையிலும் இருந்தன. எண்ணெய் பட்ட கரையில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியிருந்தன. இதில் வியப்பு ஒன்றுமில்லை. மனிதன் கிணறு தோண்டுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பிருந்தே, கடலடிப் பிளவுகள் வழியாக எண்ணெய் கசிந்துகொண்டிருக்கிறது. கடலில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிகள்கூடச் சிறு அளவில் ஹைட்ரோகார்பன்களைத் தயாரிக்கின்றன. ஆகவே அதைத் தின்று பிழைக்கும் உயிர்கள் எல்லாக் கடலிலும் உருவாகியிருக்கின்றன. அல்கானிவோராக்ஸ் என்ற இனம் இதில் புகழ்பெற்றது. சர்க்கரையை அது ஏறெடுத்தும் பார்க்காது. எண்ணெய்தான் அதன் உணவு. சுத்தமான நீரில் தேடினாலும் அகப்படாத அளவுக்குச் சொற்பமாக இருக்கும். எண்ணெயும் உரச்சத்தும் ஒருசேரக் கிடைத்தால், அந்த இடத்து நுண்ணுயிர்களில் பெரும்பங்கு அதுவாகவே ஆகிவிடும்.

அது தின்னும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் தடைகள் எல்லாம் அங்கிருந்துதான் பிறக்கின்றன. கச்சா எண்ணெயின் எளிய பகுதி ஆல்கேன் எனப்படும் நீளச் சங்கிலிகள்: கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்து, சுற்றிலும் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும். இந்தச் சங்கிலியில் பிடிப்பதற்கு ஒரு கொக்கிகூட இல்லை. பாக்டீரியா தன் உடலில் உள்ள ஒரு நொதியைக் கொண்டு, காற்றிலிருந்து நீரில் கரைந்த ஆக்சிஜனின் ஓர் அணுவைச் சங்கிலியின் முனையில் செருகுகிறது. அதோடு அது ஆல்கஹாலாகிறது. மேலும் இரண்டு படி போனால் கொழுப்பு அமிலம். கொழுப்பு அமிலத்தைச் செரிக்கப் பெரும்பாலான உயிர்களுக்குத் தெரியும். நம் உடலும் அதைத்தான் செய்கிறது. இரண்டு இரண்டு கார்பனாக நறுக்கி எரித்து, ஒரு பகுதியைத் தன் உடலாக மாற்றிக்கொண்டு, மீதியைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியே விடுகிறது.

இங்கே "தன் உடலாக" என்பதுதான் முதல் முடிச்சு. எண்ணெயில் இருப்பது ஏறக்குறைய முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஒரு பாக்டீரியா இரண்டாகப் பெருக வேண்டுமானால் புரதம் வேண்டும், மரபணு வேண்டும், உயிரணுவைச் சுற்றிச் சவ்வு வேண்டும். இவற்றுக்கு நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். நம் விவசாயிகள் தழைச்சத்து, மணிச்சத்து என்று சொல்வது இவற்றைத்தான். எண்ணெயிலிருந்து இவை போதுமான அளவு கிடைப்பதில்லை. கடல்நீரிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கடல்நீரிலோ இவை மிகச் சொற்பம்.

களத்தில் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து. ஒரு கிலோ எண்ணெயில் சுமார் 850 கிராம் கார்பன் இருக்கும். அதற்கு இந்தக் கணக்கில் ஏறத்தாழ 85 கிராம் தழைச்சத்து தேவை. கடல்நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ எண்ணெய்க்கு 8,50,000 லிட்டர் நீரிலுள்ள மொத்தச் சத்தும் வேண்டியிருக்கும். இறந்த பாக்டீரியாக்களின் சத்து மறுபடி பயன்படும் என்பதால் நடைமுறையில் இவ்வளவு தேவைப்படாதுதான். ஆனால் எண்ணெய் எங்கே மலையாகக் குவிந்திருக்கிறதோ அங்கே பாக்டீரியா எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் உரத்தைப் போட்டுவிடலாமே? வயலில் போடுவதுபோல இது எளிதல்ல. ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கரையில் யூரியாவைத் தூவினால், அடுத்த ஓதத்திலேயே கரைந்து கடலோடு போய்விடும். உரம் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அல்லது மெதுவாகக் கசிய வேண்டும். அலாஸ்காவில் இரண்டு வழியையும் கையாண்டார்கள். இனிபோல் என்பது பிரான்சின் எல்ஃப் அகிட்டேன் நிறுவனம் தயாரித்த திரவ உரம். யூரியாக் கரைசலை ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்துக்குள் நுண்துளிகளாக அடைத்து வைத்திருப்பார்கள். அதைத் தெளித்தால் கல்லில் படிந்த எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். கஸ்டம்பிளென் என்பது மேலே தாவர எண்ணெய்ப் பூச்சுப் பூசிய குருணை. கற்களின் இடுக்குகளில் விழுந்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கரையும். முன்னது மேற்பரப்புக்கு, பின்னது அடியில் உள்ள எண்ணெய்க்கு.

இனிபோல் அப்படியே சாதுவான பொருளல்ல. அதில் இருந்த பியூட்டாக்சி எத்தனால் என்ற கரைப்பான் விலங்குகளுக்கு நஞ்சு. தெளிக்கும் ஆட்கள் கவச உடை அணிய வேண்டியிருந்தது. அது ஆவியாகிப் போகும்வரை விலங்குகளைக் கரைக்கு வரவிடாமல் விரட்ட வேண்டியிருந்தது. உரம் மிகுந்தால் அதிலிருந்து பிறக்கும் அம்மோனியா மீன்களைக் கொல்லும். கடலில் பாசி மண்டும். ஆகவே அளவு பார்த்துப் போட்டு, கரைக்கு அப்பால் உள்ள நீரையும் தொடர்ந்து சோதித்து வந்தார்கள்.

ஸ்னக் ஹார்பரின் வெள்ளைச் செவ்வகம் தெரிந்ததும் மகிழ்ச்சியோடு ஒரு சந்தேகமும் எழுந்தது. இனிபோலில் சோப்பின் குணமுடைய பொருள்கள் உண்டு. ஒருவேளை பாக்டீரியா தின்னவேயில்லையோ, சோப்பு எண்ணெயைக் கிளப்பிக் கடலுக்குள் அனுப்பிவிட்டதோ? நியாயமான கேள்வி. பாஸேஜ் கோவ் என்ற இன்னொரு கரையில், வெறும் உரத்தை நீரில் கரைத்துத் தெளிப்பான்கள் மூலம் தெளித்துப் பார்த்தார்கள். அதில் சோப்பு எதுவும் இல்லை. அந்தக் கரையும் தெளிந்தது.

ஆனாலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது சாட்சியாகாது. அலை அடித்துக்கொண்டு போனாலும் கரை தெளியும்; வேறு இடத்தில் எண்ணெய் அப்படியே இருக்கும். பாக்டீரியா தின்றதா, கடல் கழுவியதா என்று எப்படிப் பிரித்தறிவது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குக் கிடைத்த விடைதான்.

கச்சா எண்ணெயில் ஹோப்பேன் என்ற ஒரு பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. ஐந்து கார்பன் வளையங்கள் பின்னிக்கொண்ட உறுதியான மூலக்கூறு. பாக்டீரியா அதைக் கிட்டத்தட்டத் தொடுவதேயில்லை. அலை எண்ணெயை அடித்துச் சென்றால் ஹோப்பேனும் மற்றவற்றோடு அதே விகிதத்தில் போகும். மிஞ்சிய எண்ணெயில் விகிதம் மாறாது. பாக்டீரியா தின்றால் மற்றவை குறையும், ஹோப்பேன் மட்டும் நிற்கும், விகிதம் மாறிவிடும். புதிய எண்ணெயில் ஒரு பங்கு ஹோப்பேனுக்கு மற்ற ஹைட்ரோகார்பன் 1,000 பங்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்துக் கரையில் எடுத்த மாதிரியில் ஒரு பங்குக்கு 400 பங்குதான் இருந்தால், 600 பங்கு சிதைந்திருக்கிறது. கரையில் மொத்தம் எவ்வளவு எண்ணெய் மிஞ்சியது என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. இன்னொரு அழகும் இதில் உண்டு: ஹோப்பேன் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த பாக்டீரியாக்களின் உயிரணுச் சவ்விலிருந்து எண்ணெய்க்குள் வந்து சேர்ந்த மிச்சம். அன்றைய பாக்டீரியாவின் எச்சத்தை வைத்து இன்றைய பாக்டீரியாவின் வேலையை அளக்கிறோம்.

இந்த அளவுகோலைக் கொண்டு அலாஸ்காவின் பல கரைகளிலிருந்து எடுத்த மாதிரிகளை ஆராய்ந்த முடிவுகள் 1994-இல் வெளியாயின. வேகத்தை முடிவு செய்ததில் முக்கியமானது, கற்களுக்கிடையே ஊறும் நீரில் எவ்வளவு தழைச்சத்து இருந்தது என்பதே. உரம் போட்ட கரையில் சிதைவு, போடாத கரையைவிட இரண்டு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை விரைவாக நடந்ததாக வெவ்வேறு ஆய்வுகள் மதிப்பிட்டன. இந்த எண்ணை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்து மடங்கு என்பது பெரிய லாபம். ஆனால் ஆண்டுக்கணக்கில் நடப்பதை மாதக்கணக்குக்குக் கொண்டுவரும் லாபம் அது. எண்ணெய் கொட்டிய மறுநாள் மீன்பிடிக்கப் போக வழிசெய்யும் மாயம் அல்ல. கடற்பறவையின் இறகில் எண்ணெய் ஒட்டுவது மணிக்கணக்கில் நடக்கிறது. பாக்டீரியாவின் கடிகாரம் வாரங்களிலும் மாதங்களிலும் ஓடுகிறது. ஆகவே முதல் வேலை எப்போதும் மிதவைத் தடுப்பு கட்டுவது, உறிஞ்சி எடுப்பது, அள்ளுவது. அள்ள முடியாமல் மிஞ்சும் படலத்துக்குத்தான் பாக்டீரியா.

பொட்டலத்தில் வரும் பாக்டீரியா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அலாஸ்கா விபத்துக்குப் பின் பல நிறுவனங்கள் தங்கள் சரக்கோடு வந்தன. சுற்றுச்சூழல் முகமை அவற்றில் பத்தை ஆய்வகத்தில் சோதித்து, தேறிய இரண்டை 1990-இல் டிஸ்க் தீவின் கரையில் போட்டுப் பார்த்தது. ஒன்றும் போடாத பகுதிக்கும் அவற்றைப் போட்ட பகுதிக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 1994-இல் அமெரிக்காவின் டெலவேர் கரையில், வேண்டுமென்றே சிறிதளவு எண்ணெயை ஊற்றி இதைவிடக் கறாரான சோதனை நடந்தது. சில பகுதிகளை அப்படியே விட்டார்கள். சிலவற்றில் உரம் மட்டும். சிலவற்றில் உரத்தோடு, அந்தக் கரையிலேயே எடுத்து வளர்த்த பாக்டீரியாவும். பாக்டீரியாவைச் சேர்த்ததால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. உரத்தாலும் அங்கே கிடைத்த லாபம் சிறிதுதான், ஏனென்றால் அந்தக் கரையின் ஊற்றுநீரில் தழைச்சத்து ஏற்கெனவே ஓரளவு இருந்தது. லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் என்ற அளவைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் எவ்வளவு கொட்டினாலும் பாக்டீரியா வேகம் பிடிப்பதில்லை என்பது அங்கே கிடைத்த பாடம். முதலில் ஊற்றுநீரைச் சோதித்துவிட்டு உரம் போடு என்பது அதன் பொருள்.

ஆய்வகத்துப் பாக்டீரியாவைப் பற்றிப் பேசும்போது மேற்கு வங்கத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தியை நினைக்காமல் இருக்க முடியாது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்தபோது, எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளைச் சிதைக்கும் திறன்களைச் சூடோமோனாஸ் என்ற ஒரே பாக்டீரியாவுக்குள் அவர் சேர்த்தார். அதற்குக் காப்புரிமை கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1980-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ந்தது. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாம் என்ற அந்தத் தீர்ப்பு உயிரித் தொழில்நுட்பத் துறையையே திறந்துவிட்டது. ஆனால் அந்தப் பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கப்படவேயில்லை. அவருடைய அறிவியல் பெரிது. கடலில் குறையாக இருந்தது வேறொன்று, அவ்வளவுதான்.

தழைச்சத்துக்கு அடுத்த தடை, எண்ணெயைத் தொடும் இடம். பாக்டீரியா எண்ணெய்க்குள் நீந்துவதில்லை. எண்ணெயும் நீரும் சந்திக்கும் விளிம்பில்தான் அது வாழ்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நீர்மேல் பரவினால், அதன் அடிப்புறம் ஒரு சதுர மீட்டர். அதே ஒரு லிட்டரை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளிகளாக உடைத்தால், துளிகளின் மேற்பரப்பெல்லாம் சேர்ந்து 600 சதுர மீட்டர். தின்பதற்கான இடம் 600 மடங்கு கூடிவிடுகிறது. அலாஸ்காவின் புயல் செய்ததோ இதற்கு நேர்மாறு: எண்ணெயை நீரில் உடைப்பதற்குப் பதில், நீரை எண்ணெய்க்குள் அடைத்துப் பழுப்பு நிறக் கெட்டிக் குழம்பாக்கிவிட்டது. அதன் உட்புறம் பாக்டீரியாவுக்கு எட்டாத கோட்டை. கரையில் ஒதுங்கும் தார் உருண்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் இதனால்தான்.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் கிணறு வெடித்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. 1,500 மீட்டர் ஆழத்தில் குழாயிலிருந்து பீறிட்ட எண்ணெயில் ஒரு பகுதி நுண்துளிகளாகச் சிதறி ஆழத்திலேயே மேகமாகப் பரவியது. அங்கே வெப்பம் 5 டிகிரிதான். ஆனாலும் அந்த மேகத்தில் இருந்த ஆல்கேன்கள் சில நாட்களிலேயே பாதியாகக் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். குளிர் பாக்டீரியாவைத் தாமதப்படுத்துவது உண்மை. பொதுவாக 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும் என்பார்கள். ஆனால் ஆழ்கடலின் பாக்டீரியா குளிருக்குப் பழகியது. துளி சிறியதாக, சுற்றிலும் நீர் ஏராளமாக இருந்தால் குளிரை அது சமாளித்துக்கொள்கிறது.

எண்ணெய் முழுவதும் ஒரே மாதிரித் தின்னத்தக்கது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரான ஆல்கேன் சங்கிலிகள் முதலில் போகும். கிளை விட்டவை பிறகு. வளையங்கள் கொண்ட நறுமணச் சேர்மங்களில் சிறியவை ஓரளவு போகும். நான்கைந்து வளையம் உள்ளவை இழுத்தடிக்கும். கடைசியில் பிசின்களும், தார்ச் சாலையில் நாம் காணும் வகையான கனத்த பொருள்களும் மிஞ்சும். அவற்றைப் பாக்டீரியா ஏறக்குறைய தொடாது. ஆகவே தொடக்கத்தில் வேகமாக இறங்கும் வரைபடம் போகப்போகப் படுத்துவிடும். அதைப் பார்த்து உரம் போதவில்லை என்று மேலும் கொட்டுவது வீண். தின்னத்தக்கது தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

எல்லாவற்றையும்விடப் பிடிவாதமான தடை ஆக்சிஜன். முதல் கடியிலேயே ஆக்சிஜன் வேண்டும் என்று பார்த்தோம். முழுக்க எரிக்க ஒரு கிராம் எண்ணெய்க்கு மூன்று கிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. குளிர்ந்த கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதாவது ஒரு கிராம் எண்ணெயைத் தீர்க்க 300 லிட்டருக்கு மேற்பட்ட நீர் அதன்மேல் பாய்ந்தாக வேண்டும். அலை புரளும் கல்லின் மேற்பரப்பில் இது நடக்கும். மண்ணுக்கடியில்? ஆக்சிஜன் இல்லாமலும் எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அவற்றின் நடை மிக மிக மெதுவானது.

2001-இல், விபத்து நடந்து 12 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க அரசின் கடல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் கரைகளில் ஏறத்தாழ 9,000 குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். மேலே சுத்தமாகத் தெரிந்த கரைகளில், சில அங்குலம் தோண்டியதும் எண்ணெய் ஊறியது. மொத்தம் சுமார் 55 டன் அடியில் கிடப்பதாக மதிப்பிட்டார்கள். பல இடங்களில் அது சிதையாமல், கொட்டிய வாரத்தில் இருந்ததைப் போலவே இருந்தது. எல்லோரையும் குழப்பிய கேள்வி: இவ்வளவு காலம் ஏன் தின்னப்படவில்லை?

மிஷெல் பூஃபாடெல் என்ற பொறியியலாளரும் ஹைலாங் லி என்பவரும் அதன் காரணத்தைக் கண்டு 2010-இல் வெளியிட்டார்கள். அந்தக் கரைகள் இரண்டு அடுக்கு கொண்டவை. மேல் அடுக்கு பெருங்கற்களும் கூழாங்கற்களும். நீர் தாராளமாக ஓடும். கீழ் அடுக்கு நெருங்கிப் படிந்த மணலும் பொடிக் கல்லும்; அங்கே நீரின் ஓட்டம் மேல் அடுக்கைவிட ஆயிரம் மடங்குவரை மெதுவானது. ஓதம் இறங்கியபோது நிலத்தடி நீர்மட்டம் எங்கெல்லாம் இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் மட்டத்துக்குக் கீழே போனதோ, அங்கெல்லாம் எண்ணெய் கீழ் அடுக்குக்குள் இறங்கிக்கொண்டது. நன்னீர் ஊற்று வலுவாக இருந்த இடங்களில் நீர்மட்டம் தாழாமல் நின்றது. அங்கே எண்ணெய் இறங்கவில்லை. ஒருமுறை உள்ளே போன எண்ணெயைச் சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை, தழைச்சத்தும் குறைவு. பாக்டீரியா இருந்தது, உணவு இருந்தது, மூச்சுவிடக் காற்று இல்லை. மேலே எவ்வளவு உரம் தெளித்தாலும் அது மேல் அடுக்கோடு கடலுக்கு ஓடிவிடும். பின்னர் துளையிட்டு, உரமும் ஆக்சிஜன் தரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கரைத்த நீரை நேரே கீழ் அடுக்குக்குள் செலுத்தும் சோதனைகளைச் செய்தார்கள். சிறு பரப்பில் செய்து காட்டக்கூடியதுதான். பல நூறு கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கும் கரைகளுக்கு அது எட்டாது.

நம் பக்கத்தில் 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. வழிந்தது கச்சா எண்ணெய் அல்ல. கப்பலின் எஞ்சினுக்கான கனத்த எரிபொருள். லேசான பகுதிகளையெல்லாம் சுத்திகரிப்பு ஆலை ஏற்கெனவே எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் அடிச்சரக்கு அது. பாக்டீரியாவுக்குக் கடினமான பகுதி அதில் அதிகம். தன்னார்வலர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளியால் அள்ளியதைப் படங்களில் பார்த்தோம். வாளியைப் பார்த்துப் பலர் வெட்கப்பட்டார்கள். கருவிகள் போதாமல் போனதற்கு வெட்கப்படலாம். ஆனால் அள்ளியது சரியான முடிவு. அள்ளிய கசடைத் துறைமுக நிலத்தில் கொட்டி, மண்ணோடு கலந்து பாக்டீரியாவால் சிதைக்கும் வேலையும் நடந்தது. அங்கேதான் இந்த முறை தன் முழுத் திறனைக் காட்ட முடியும். நிலத்தில் கசடைப் பரப்பிக் கிளறினால் காற்று உள்ளே போகும். ஈரம் குறைந்தால் நீர் விடலாம், உரம் போட்டால் அலை கொண்டுபோகாது. நம் ஊர் வெயிலும் துணை. கடலில் நம் கையில் இல்லாத ஒவ்வொரு தடையும் நிலத்தில் நம் கைக்குள் வந்துவிடுகிறது. டெல்லியின் டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் போன்ற பாக்டீரியாக் கலவைகள் சுத்திகரிப்பு ஆலைகளின் கசடுக் குழிகளில் பயன்படுவதும் இப்படித்தான்.

அடுத்த முறை நம் கரையில் எண்ணெய் ஒதுங்கி, பாக்டீரியாவை விட்டுச் சுத்தம் செய்துவிட்டோம் என்று யாராவது அறிவித்தால், கரையோர மக்களும் செய்தியாளர்களும் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். பாக்டீரியாவை விடுவதற்கு முன் ஊற்றுநீரில் தழைச்சத்து எவ்வளவு இருந்தது, பிறகு எவ்வளவு? ஓர் அடி ஆழத்தில் தோண்டிப் பார்த்தீர்களா, அங்கே ஆக்சிஜன் இருந்ததா? மருந்து போட்ட பகுதியிலும் போடாமல் விட்ட பகுதியிலும் எடுத்த மாதிரிகளின் ஹோப்பேன் விகிதம் என்ன? மூன்றாவது கேள்விக்கு எண்ணோடு பதில் வரவில்லையென்றால், அந்த அறிவிப்பை நம்ப வேண்டாம்.